மூலத்தை விழுங்கிய குறிப்புரை

செய்நிரலுக்குள் எழுதப்படும் குறிப்புரைகளை மொழிபெயர்ப்பது மிக எளிதான வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். குறிப்புரை மனிதனுக்காக எழுதப்பட்டது. இயந்திரம் அதனை வாசிப்பதில்லை. ஆகவே அதை எம்மொழியில் மாற்றி எழுதினாலும் செய்நிரலுக்கு ஊறு நேராது என்பது அவர்கள் வாதம். நானும் நெடுநாள் இவ்வாறே நம்பியிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு புகைப்படம் அந்த நம்பிக்கையைக் குலைத்துவிட்டது. அதனை ஈண்டு எடுத்துரைப்பது, மொழிபெயர்ப்பில் ஈடுபடும் மாணவர்க்கும் அவர்களை வழிப்படுத்தும் ஆசிரியர்க்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

என்னிடம் முன்னர் கல்வி பயின்ற ஒருவர் இப்போது ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருக்கிறார். அங்கே துணி உலர்த்தும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. யப்பானிலிருந்து வந்தது. அதனை இயக்கிய கணினி பழுதாகிவிடவே, வேறொரு கணினியைப் பூட்டி, பழைய செய்நிரலை அதிலே மீண்டும் தொகுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். அன்று முதல் துணிகள் ஈரம் முற்றாக உலராமலே வெளிவந்தன. செய்நிரலை எடிட்டரிலே திறந்து பார்த்தால், வெப்பத்தின் மேல் எல்லை 120 என்று இருக்கிறது. இயந்திரத்தின் முகப்பிலோ 80 என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் யப்பானிய மொழியிலே ஒரு குறிப்புரை காணப்பட்டது. விளக்கம் அதனுள் இருக்கும் என்று நம்பி, அந்தத் திரையைக் கைத்தொலைபேசியால் படம்பிடித்து என்னிடம் கொண்டுவந்தார். எனக்கு ஓரளவு யப்பானிய மொழி தெரியும் என்பது அவர் அறிந்த செய்தி.

"சேர், இந்தக் குறிப்பை மட்டும் தமிழிலே தாருங்கள். செய்நிரலை நான் தொடப்போவதில்லை. குறிப்பு இருக்கிற இடத்திலே உங்கள் தமிழை எழுதிவிட்டு, மறுபடி தொகுத்துப் பார்க்கிறேன்" என்றார்.

படத்தில் இருந்த நான்கு வரிகள் இவை:

```
41  int limit = 80;
42  // 試験時の上限値は別表
43  limit = 120;
44  printf("上限 %d¥n", limit);
```

முதலாவது வேலை மொழிபெயர்ப்பு அன்று, எல்லை பிரித்தல். ஏட்டுச் சுவடிகளிலே மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும்; எது மூலம், எது உரை என்று பிரித்துக்கொண்ட பின்னரே பதிப்பாசிரியர் மேற்கொண்டு செல்வார். இங்கும் அவ்வாறே. சி மொழியிலே இரட்டைச் சாய்கோட்டின் பின் அவ்வரி முடியும்வரை இருப்பது குறிப்புரை. ஆகவே 42ஆம் வரி மட்டுமே நமக்கு உரியது. 44ஆம் வரியிலும் யப்பானிய எழுத்து இருக்கிறது. "மேல் எல்லை" என்பது அதன் பொருள். ஆனால் அது மேற்கோள் குறிக்குள் நிற்கும் சரம். இயந்திரத்தின் முகப்பிலே தோன்ற வேண்டிய சொல். அது செய்நிரலின் உறுப்பு, குறிப்புரையாகாது. அதன் பொருளை வேறு தாளில் எழுதிக் கொடுக்கலாம். அவ்விடத்தில் மாற்றுதல் கூடாது.

இதற்கு எதிர்மாறான மயக்கமும் உண்டு. `// limit = 100;` என்று ஒரு வரி இருக்குமானால், அது குறிப்புரையின் கோலத்தில் நிற்பினும் உறங்கவைக்கப்பட்ட செய்நிரலே ஆகும். நாளை எவரேனும் முன்னுள்ள இரண்டு கோடுகளை நீக்கி அதனை எழுப்பக்கூடும். அதையும் உள்ளவாறே விட்டுவிட வேண்டும். மொழி வேற்றுமை கொண்டு எல்லை பிரிப்போர் இவ்விரு இடங்களிலும் தவறுவர். இலக்கணம் கொண்டு பிரிப்போர் தவறார்.

அடுத்து, 44ஆம் வரியிலுள்ள யென் நாணயக் குறி. "இங்கே பணத்துக்கு என்ன வேலை?" என்று மாணவர் கேட்டார். நியாயமான கேள்வியே. யப்பானியர் 1969ஆம் ஆண்டில் வகுத்த எழுத்துக் குறிமுறைத் தரத்திலே, அமெரிக்கக் குறிமுறையில் பின்சாய்வுக் கோட்டுக்கு உரிய இடத்தை யென் குறிக்குக் கொடுத்தனர். அந்த இடம், பதினறும எண்ணிற் சொன்னால், `5C`. ஆகவே பல யப்பானிய எழுத்துருக்களில் அதே பைற்று யென் குறியாகத் தோன்றும். கண்ணுக்கு யென், தொகுப்பானுக்குப் பின்சாய்வுக் கோடு. படத்தைப் பார்த்துப் படி எடுப்பவர், தாம் கண்டவாறே வேறொரு கணினியில் யென் குறியைத் தட்டெழுதினால், அது யூனிகோட்டில் முற்றிலும் வேறான எழுத்தாகிவிடும். அடுத்த வரிக்குச் செல்லும் கட்டளையும் இல்லாமற் போகும். "உள்ளதை உள்ளவாறு" என்பதற்குத் திரையில் தோன்றுவது ஒரு பொருள், கோப்பில் இருப்பது மற்றொரு பொருள் என்பதை இங்கேதான் முதலில் உணர்ந்தோம்.

இனிக் குறிப்புரைக்கு வருவோம். "பரிசோதனை வேளையின் மேல் எல்லைப் பெறுமானம்: தனி அட்டவணை" என்பதே அதன் நேர்ப்பொருள். மாணவருக்கு இது திருப்தி தரவில்லை. "அப்படியானால் கீழேயுள்ள 120 பரிசோதனைக்கு மட்டும் என்று எழுதிவிடலாமா?" என்றார். கூடாது என்றேன். "மட்டும்" என்னும் சொல் மூலத்தில் இல்லை. அந்தக் குறிப்பு தனக்கு மேலுள்ள 80ஐச் சுட்டுகிறதா, கீழுள்ள 120ஐச் சுட்டுகிறதா என்பதும் அதிலே சொல்லப்படவில்லை. "பார்க்க" என்னும் வினைகூட அங்கில்லை. அட்டவணை என்ற பெயரோடு வரி நின்றுவிடுகிறது. எழுதியவர் தம் மேசையில் இருந்த ஒரு தாளை மனத்தில் வைத்து எழுதினார். அத்தாள் நம்மிடம் இல்லை. இல்லாத தாளுக்கு நாம் ஏன் உரை எழுத வேண்டும்?

இவ்வளவில் என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். ஆயினும் 80 என்ற அந்த முகப்பு எண் மனத்தை உறுத்திற்று. 41ஆம் வரி 80 என்று வைக்கிறது. 43ஆம் வரி அதனை 120 ஆக்குகிறது. 44ஆம் வரி காட்டுகிறது. 120 என்றல்லவா தோன்ற வேண்டும்? 43ஆம் வரி இல்லாதது போலவே இயந்திரம் நடந்துகொள்கிறது. ஏன்?

மாணவர் கொண்டுவந்த படம் செய்நிரல் உள்ள பகுதி மாத்திரம் தெரியுமாறு ஓரம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டாத படத்தைக் கேட்டேன். அதன் வலப்புறக் கீழ் மூலையில், எடிட்டரின் அடிப்பட்டையிலே, `Shift_JIS` என்ற எழுத்துக்கள் இருந்தன. அவற்றைக் கண்டதும் 42ஆம் வரியின் கடைசி எழுத்தை மீண்டும் நோக்கினேன். விடை அங்கே இருந்தது.

ஷிப்ட் ஜிஸ் என்பது 1980களின் தொடக்கத்தில் யப்பானியக் கணினிகளுக்காக எழுந்த குறிமுறை. ஆயிரக்கணக்கான எழுத்துக்களை ஒரு பைற்றில் அடக்க இயலாது. எனவே பெரும்பாலான எழுத்துக்களுக்கு இரண்டு பைற்றுக்கள் கொடுத்தனர். ஆனால் அதற்கு முன்பே வழக்கிலிருந்த ஒரு பைற்று கத்தகானா எழுத்துக்களையும் அவ்வவ்விடத்திலேயே காக்க விரும்பினர். இதனால் இடம் நெருக்கமாயிற்று. இரண்டாம் பைற்றுக்கு, ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் வழங்கும் இடங்களையும் பயன்படுத்த வேண்டியதாயிற்று. அவ்வாறு பங்கிடப்பட்ட இடங்களுள் மேலே கூறிய `5C` ஒன்று. அட்டவணை என்னும் பொருளுடைய 表 என்ற எழுத்தின் பைற்றுக்கள் `95 5C`. அதாவது, அந்த எழுத்தின் வாலிலே ஒரு பின்சாய்வுக் கோடு மறைந்து கிடக்கிறது.

சி மொழியில் ஒரு வரியின் கடைசியில் பின்சாய்வுக் கோடு நின்றால், "அடுத்த வரியும் இதன் தொடர்ச்சி" என்பது பொருள். குறிப்புரைக்கும் இவ்விதி உண்டு. ஷிப்ட் ஜிஸ் அறிந்த தொகுப்பான் இரண்டு பைற்றையும் சேர்த்து ஓர் எழுத்தாகக் கொள்ளும், ஆபத்தில்லை. அஃதறியாத தொகுப்பான் வாலை மட்டும் தனியே பார்க்கும். 42ஆம் வரி முடியவில்லை என்று கொள்ளும். 43ஆம் வரி முழுவதையும் குறிப்புரையோடு சேர்த்துத் தள்ளிவிடும். புதிய கணினியில் பயன்படுத்தப்பட்டது ஜி.சி.சி. என்னும் தொகுப்பான். இன்ன குறிமுறை என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தால் அது சரியாகவே வாசிக்கும். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எடிட்டர் குறிமுறையை அறிந்திருந்தமையால் 43ஆம் வரியை உயிருள்ள வரியாக நிறமிட்டுக் காட்டிற்று. தொகுப்பானோ அதனைக் கண்டதேயில்லை. படம் பொய் சொல்லவில்லை; ஆனால் படத்தில் தெரிந்த செய்நிரலும் ஓடிய செய்நிரலும் வேறு வேறு.

இப்பொழுது மாணவர் செய்ய எண்ணியிருந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். 42ஆம் வரியிலுள்ள யப்பானிய எழுத்துக்களை அழித்து என் தமிழை எழுதியிருப்பார். செய்நிரலில் ஒரு புள்ளியையும் அவர் தொட்டிருக்கமாட்டார். ஆனால் அந்த வால் எழுத்து மறைந்ததும் 43ஆம் வரி உயிர் பெற்றிருக்கும். மறுபடி தொகுத்த உடனேயே மேல் எல்லை 80இலிருந்து 120க்குப் பாய்ந்திருக்கும். அந்த 120 நாள்தோறும் ஓட வேண்டிய அளவா, பரிசோதனைக்காக எழுதி மறந்துபோன அளவா என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. முன்னையதாயின் துணி நன்கு உலர்ந்திருக்கும். பின்னையதாயின் துணி கருகும். அதனினும் கொடியதும் நேரலாம். ஒரு சொல்லை மொழிபெயர்த்ததன் விளைவாக இயந்திரத்தின் வெப்பம் 40 பாகை உயர்வது எந்த மொழிபெயர்ப்பாளனும் எதிர்பாராத விளைவு.

ஐயத்தைத் தெளிய ஒரு சோதனை உண்டு. `gcc -E` என்னும் கட்டளை, தொகுத்தலின் முதற்படியை மட்டும் செய்து, குறிப்புரைகளை நீக்கி, எஞ்சிய செய்நிரலைக் காட்டும். மாணவர் தொழிற்சாலைக்குச் சென்று அதனைச் செய்து பார்த்தார். 120 என்ற வரி அங்கே இல்லை. `-Wall` என்பதைச் சேர்த்துத் தொகுத்தபோது, பல வரிக் குறிப்புரை ஒன்று இருப்பதாக எச்சரிக்கையும் வந்தது. முன்னரும் அது வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளின் நடுவே எவரும் வாசிக்கவில்லை. குறிப்புரை மாற்றும் எவரும், மாற்றுமுன் ஒருமுறையும் மாற்றியபின் ஒருமுறையும் இவ்வாறு எடுத்து, இரண்டையும் ஒப்புநோக்க வேண்டும். இரண்டும் ஒன்றாயிருந்தால் மட்டுமே "செய்நிரலைத் தொடவில்லை" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

இந்த வால் எழுத்து ஒன்று மட்டுமன்று. ஆற்றல் என்னும் பொருளுடைய 能, பத்து என்னும் 十, கத்தகானாவின் ソ ஆகியவையும் இத்தகையனவே. வரியின் இறுதியில் இவை வரும்போது ஒரு முற்றுப்புள்ளியிட்டு முடிப்பது விடயமறிந்த யப்பானியர் கையாளும் உபாயம். சரங்களுக்குள் இவற்றின் பின்னே வேண்டுமென்றே இன்னொரு யென் குறியை இடுவதும் உண்டு. படத்தைப் பெயர்த்தெழுதுபவருக்கு இவை அச்சுப் பிழைபோலத் தோன்றும். பிழையென்று கருதித் துடைத்தாரானால், முன்னோர் அடைத்த ஓட்டையை அவரே திறந்துவிட்டவராவார்.

நம் தமிழும் இவ்விடத்தில் குற்றமற்றதென்று சொல்வதற்கில்லை. இன்று பெருவழக்கிலுள்ள யூரிஎப்-8 குறிமுறையில் தமிழெழுத்துக்கு மூன்று பைற்றுக்கள். மெய்யெழுத்தின் தலைமேல் நாம் இடும் புள்ளியின் பைற்றுக்கள் `E0 AF 8D`. அவற்றுள் கடைசியான `8D`, ஷிப்ட் ஜிஸ் முறையில் ஓர் இரட்டைப் பைற்று எழுத்தின் தொடக்கம். தமிழ்க் குறிப்புரை "ம்" என்று முடிய, அக்கோப்பை ஷிப்ட் ஜிஸ் என்று பிறழ உணர்ந்து வாசிக்கும் தொகுப்பான், அப்பைற்றுக்குத் துணை தேடி வரி முடிவையே விழுங்கிவிடக் கூடும். எந்தக் குழியிலிருந்து யப்பானிய எழுத்தை அகற்றினோமோ அதே குழியில் தமிழ்ப் புள்ளி விழும்.

"அப்படியானால் குறிப்புரைகளை மொழிபெயர்க்கவே கூடாதா?" என்று கேட்பாரும் உளர். அவ்வாறு நான் சொல்லவில்லை. லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலகச் செயலித் தொகுதியின் வரலாறு இதற்குச் சான்று. அதன் மூதாதை யேர்மனியில் ஸ்ரார் ஒபிஸ் என்ற பெயரோடு வளர்ந்தது. ஆகவே குறிப்புரைகள் ஏராளமாக யேர்மன் மொழியில் இருந்தன. 2010இல் லிப்ரே ஒபிஸ் தனி முயற்சியாகத் தொடங்கிய பின், தொண்டர் பலர் பல ஆண்டுகளாக அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றினர். அவர்களிடம் முழுக் கோப்பும் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் பிறர் ஒப்புநோக்க வழியும் இருந்தது. நம்மிடம் இருப்பதோ ஒரு புகைப்படம். படத்தில் பைற்றுக்கள் தெரிவதில்லை. வரியின் கடைசியில் இருக்கும் வெற்றிடம் தெரிவதில்லை. யப்பானியத் தட்டெழுத்தில் வரும் அகன்ற இடைவெளி, சாதாரண இடைவெளியோடு கலந்து நிற்பதும் தெரிவதில்லை. கோப்பை வைத்திருப்பவனுக்கு உள்ள உரிமை, படத்தை வைத்திருப்பவனுக்கு இல்லை.

ஆகவே என் முடிபு இது. படத்திலிருந்து பெயர்க்கும் குறிப்புரை, கோப்புக்குள் புகாமல் தனித் தாளிலே நிற்க வேண்டும். இடப்புறம் வரி எண், நடுவே மூலக் குறிப்புரை, படத்தில் உள்ளவாறு, வலப்புறம் தமிழ். ஐயங்கள் அத்தாளின் அடியில், மொழிபெயர்ப்போடு கலவாமல் இருக்க வேண்டும். செய்நிரலும் குறிப்புரையும் முரண்பட்டால் இரண்டில் ஒன்றைத் திருத்தி இசைவிப்பது மொழிபெயர்ப்பாளனின் தொழிலன்று. அம்முரண்பாடே பெரும்பாலும் நோயின் அறிகுறி. அதனை மறைத்துவிட்டால் மருத்துவனுக்கு நாடி கிடைக்காது. 80க்கும் 120க்கும் இடையே இருந்த முரண்பாட்டை நானே "பரிசோதனைக்கு மட்டும்" என்று எழுதி ஆற்றியிருந்தால், அந்த வால் எழுத்தை எவரும் தேடியிருக்கமாட்டார்கள்.

படம் எடுத்து அனுப்புவோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தேவையான வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். வரி எண்களும், வரிகளின் வலப்புற முடிவும், திரையின் அடிப்பட்டையும் தெரியுமாறு முழுத்திரையையும் நேரே நின்று எடுங்கள். எங்கள் சிக்கலை அவிழ்த்தது குறிப்புரையன்று. வேண்டாதது என்று வெட்டி எறியப்பட்ட அந்தக் கீழ் மூலையே.

மாணவர் 42ஆம் வரியை அப்படியே விட்டுவிட்டார். இயந்திரத்தை விற்றவர்களுக்கு அந்தத் தனி அட்டவணையைக் கேட்டு எழுதியிருக்கிறார். அது வரும்வரை எல்லை 80ஆகவே இருக்கும். துணிகள் இரண்டாம் முறை உலர்த்தப்படும். தொழிற்சாலையில் இதனை வீண் தாமதம் என்று குறைகூறுகிறார்களாம். உரை தெரிந்துவிட்டதே, மூலத்தைத் திருத்தினால் என்ன என்று கேட்கிறார்களாம். உரை தெரிந்ததனாலேயே மூலத்தில் கை வைக்க அவர் அஞ்சுகிறார் என்பதை அவர்களுக்கு எவ்வாறு விளக்குவது?